பேச்சு நடுவில் அறுந்தால்: நினைவு மாளிகையில் பிழை எந்த இடத்தில் என்று பார்ப்பது

எங்கள் ஊர் வாசிகசாலையில் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பழக்குகிறேன். ஐந்து நிமிடப் பேச்சை அப்படியே மனனம் செய்துவிடலாம். பத்து, பன்னிரண்டு நிமிடம் என்று போனால், மனனத்தில் ஒரு வரி தவறியதும் அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் சேர்ந்து போய்விடும். அதனால் நீண்ட பேச்சுக்கு வீட்டைப் பயன்படுத்தச் சொல்வேன். பேச்சின் ஒவ்வொரு கருத்தையும் ஒரு படமாக்கி, வீட்டில் நன்றாகப் பழகிய இடங்களில் இடத்துக்கு ஒன்று என்று வைத்துவிட வேண்டும். பேசும்போது மனதுக்குள் அந்த வழியே நடந்து போக வேண்டும். இதைத்தான் நினைவு மாளிகை என்கிறார்கள்.

செய்து பார்த்தேன், எங்கோ பிசகுகிறது என்று வருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். திரும்பத் திரும்ப வருகிறவை அதே சில பிழைகள்தான். எடுத்துக்காட்டாக ஒரு பிள்ளையின் பேச்சையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். தரம் 10 மாணவி, தலைப்பு வன்னியின் குளங்கள், நேரம் பன்னிரண்டு நிமிடம். நிமிடத்துக்கு ஓர் இடம் என்று பன்னிரண்டு இடங்கள் எடுத்தோம். படலை, முற்றத்து வேம்பு, கிணறு, விறாந்தைக் கதிரை, முன்கதவு, சாமித்தட்டு, கட்டில், அலுமாரி, குசினி அடுப்பு, அம்மி, பின்கதவு, கோழிக்கூடு. படலையில் மாரி மழை: வெள்ளம் முட்டி நின்று படலையைத் திறக்க விடவில்லை. கிணற்றடியில் இரணைமடு: இரண்டு கிணறுகள் இரட்டைப் பிள்ளைகள் போல ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. முன்கதவில் துருசு: கதவு பக்கவாட்டில் திறக்காமல் மேலே தூக்குகிறது, அடியால் தண்ணீர் பாய்கிறது. இப்படியே கோழிக்கூடு வரை.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பேச்சை ஒரு பக்கம் வைத்துவிட்டு மூன்று தரம் நடக்க வேண்டும். முதல் தரம் இடங்களின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டு போய், அதே வழியில் பின்னோக்கித் திரும்பி வர வேண்டும். இரண்டாம் தரம் ஒவ்வோர் இடத்திலும் உள்ள படத்தை மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் அந்தப் படத்தின் கருத்தை ஒரே வசனத்தில் சொல்ல வேண்டும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடமும் ஆகாது.

முதல் நடையில் தடுமாறினால் பிழை வழியில் இருக்கிறது. இரண்டாவதில் என்றால் படத்தில், மூன்றாவதில் என்றால் படத்துக்கும் பேச்சுக்கும் இடையில். மூன்றும் சரியாக வந்தும் மேடையில் மட்டும் போகிறதென்றால் பிழை மாளிகையில் இல்லை, பழகிய விதத்தில் இருக்கிறது. ஆளைப் பார்த்து "உனக்கு ஞாபகசக்தி காணாது" என்று சொல்லும் முன் இந்த மூன்று நடையையும் செய்விக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அப்படிச் சொல்லிச் சொல்லியே பேச்சை விட்டுப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

## அறிகுறி: கருத்துகள் வருகின்றன, வரிசை மாறுகிறது

இது வழியின் பிழை. எளிதாகத் திருத்தக்கூடியது.

முதலில், வழி தன்னையே வெட்டிக்கொண்டு போகிறதா என்று பார்க்க வேண்டும். அந்தப் பிள்ளை முதலில் கட்டிலிலிருந்து நேரே குசினிக்குப் போய், பிறகு அலுமாரிக்காக மறுபடி அறைக்குத் திரும்பியிருந்தாள். ஒவ்வொரு நாளும் அம்மாவுக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோகிற வழி அது. ஆனால் பேச்சில், அலுமாரியில் வைத்த சிறுபோகக் கூட்டம் அடுப்பில் வைத்த மீன்பிடிக்கு முன்னும் வந்தது, பின்னும் வந்தது. வாசலுக்குள் நுழைந்ததும் வலக்கைச் சுவரைத் தொட்டபடியே போ, விட்ட சுவருக்குத் திரும்பாதே என்று சொன்னேன். கட்டில், அலுமாரி, அப்புறம் குசினி என்று வழி நேராகிவிட்டது. வரிசையும் அன்றைக்கே சரியாகிவிட்டது.

அப்படியும் மாறினால், இடங்களுக்கு எண் தெரியவில்லை என்று பொருள். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு லத்தீன் சொற்கலை நூல் இதற்கு நல்ல வழி சொல்கிறது: ஒவ்வோர் ஐந்தாவது இடத்துக்கும் ஓர் அடையாளம் வை, ஐந்தாவதில் ஒரு பொற்கை வைக்கலாம். ஐந்து விரல் என்பதால் கை. எங்கள் வழியில் ஐந்தாவது முன்கதவு, பத்தாவது அம்மி. முன்கதவில் மஞ்சள் பூசிய ஒரு கை அச்சு. அம்மியில் குழவியைப் பிடித்த இரண்டு கைகள், பத்து விரல். பிறகு "ஏழாவது என்ன?" என்று கேட்டால் படலையிலிருந்து எண்ணத் தேவையில்லை. கையடியில் நின்று இரண்டு அடி வைத்தால் கட்டில். எண்ணைச் சொன்னதும் மூன்று விநாடிக்குள் இடத்தைச் சொல்லும்வரை பழக வேண்டும்.

## அறிகுறி: இடம் தெரிகிறது, அங்கே ஒன்றும் இல்லை

அதிகம் வருகிற பிழை இதுதான்.

ஒரு நாள் பன்னிரண்டு இடமும் சொல்லிக்கொண்டு வந்த பிள்ளை பத்தாவதில் நின்றுவிட்டாள்.

"சேர், அம்மி நிக்குது. அம்மியில ஒண்டுமில்லை."

"என்ன வைச்சனி பிள்ளை?"

"நெல்லு."

"எவ்வளவு?"

கொஞ்சம் யோசித்து, இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். ஒரு சிட்டிகை நெல். சாம்பல் நிறக் கல்லில், குசினியின் இருட்டு மூலையில், ஒரு சிட்டிகை நெல் யாருக்குத் தெரியும்?

ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா பல ஆண்டுகள் ஆராய்ந்த ஷெரெஷெவ்ஸ்கி என்ற மனிதருக்கும் இதுதான் நடந்தது. கேட்டதையெல்லாம் நினைவில் வைத்திருந்தவர் அவர். சொற்களைத் தனக்குத் தெரிந்த ஒரு தெரு நெடுக வைத்துக்கொண்டு போவார். ஒருமுறை முட்டை என்ற சொல்லை விட்டுவிட்டார். ஏனென்று கேட்டபோது, அதை வெள்ளைச் சுவரோரம் வைத்தேன், சுவரோடு சேர்ந்துவிட்டது, காணாமல் கடந்து போய்விட்டேன் என்றார். மறதி இல்லை, கண்ணில் படவில்லை. அதன் பிறகு அவர் படங்களைப் பெரிதாக்கி வைத்தார், இருட்டான இடத்தில் தெருவிளக்கு ஒன்றையும் நட்டுக்கொண்டார்.

ஆகவே இடம் வெறுமையாக இருந்தால் இந்த வரிசையில் பார்க்க வேண்டும். வெளிச்சம் இருக்கிறதா? இல்லையென்றால் ஒரு குப்பி விளக்கைக் கொளுத்தி வைக்கலாம், செலவில்லாத திருத்தம். படம் பெரிதா? குறைந்தது அந்தப் பொருளை மறைக்கிற அளவு வேண்டும். நிறம் பின்னணியோடு கலந்துவிடுகிறதா? படம் அசைகிறதா? சும்மா இருக்கிற பொருளை மனம் தாண்டிப் போய்விடும். கடைசியாக, படம் இடத்தைத் தொடுகிறதா? கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற மாடு ஓடிப்போகும். கட்டிலில் ஏறிப் படுத்துக் காலை முறித்துவிட்ட மாடு போகாது.

அம்மிப் படத்தை அவளே மாற்றினாள். அம்மியில் குழவியை ஒருமுறை உருட்டினால் நெல் கொட்டுகிறது. நிறுத்தினாலும் கொட்டுகிறது. குசினி நிரம்பி, முழங்கால் வரை ஏறி, சுணை உடம்பெல்லாம் கடிக்கிறது. சூடு மிதித்த களத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கடி தெரியும். படத்தில் உடம்பு உணருகிற ஒன்று சேர்ந்துவிட்டால் அதைக் கண்ணால் தேடவே தேவையில்லை. அவள் அதற்குப் பிறகு பத்தாவது இடத்தைத் தவறவிட்டதில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரே இடம் மூன்று நாள் தொடர்ந்து வெறுமையாக இருந்தால் அந்த இடத்தையே கைவிட வேண்டும். வீட்டில் நீங்கள் அதிகம் கவனிக்காத மூலையாக அது இருக்கலாம். பக்கத்தில் நன்றாகத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: படம் தெரிகிறது, அது என்னவென்று தெரியவில்லை

அலுமாரியைத் திறந்தால் உள்ளே ஆட்கள் நிற்கிறார்கள். யார்? எதற்கு? இதில் முதல் காரணம், படம் ஒரு சொல்லைப் பிடித்திருக்கிறது, கருத்தைப் பிடிக்கவில்லை. "கமக்காரர்" என்ற சொல்லுக்காக அவள் ஆட்களை வைத்திருந்தாள். சொல்ல வேண்டிய கருத்தோ, குளத்தில் மிஞ்சிய தண்ணீரைப் பார்த்து, சிறுபோகத்தில் எவ்வளவு காணி விதைப்பது என்று கூட்டம் கூடி முடிவெடுக்கிறார்கள் என்பது. படம் அந்தச் செயலைச் செய்ய வேண்டும். அலுமாரிக்குள் இடுப்பளவு தண்ணீர். அதில் நின்று கமக்காரர்கள் கைகளை உயர்த்துகிறார்கள். தண்ணீர் குறையக் குறைய உயர்த்திய கைகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அலுமாரியைத் திறந்ததும் வசனம் தானாகவே வந்துவிட்டது.

இரண்டாவது காரணம், கருத்து வருகிறது, சொற்கள்தான் வரவில்லை. இது மாளிகையின் பிழையே அல்ல. மாளிகை வரிசையைத்தான் காக்கும். சொல்லுக்குச் சொல் அதில் ஏற்றப் பார்த்தால் 1,200 சொல்லுக்கு 1,200 படம் வேண்டும், யாராலும் நடக்க முடியாது. ஒவ்வோர் இடத்திலும் நின்று அந்தக் கருத்தை வாய்விட்டு மூன்று தரம், மூன்று விதமாகச் சொல்லிப் பழக வேண்டும். மூன்று விதம் என்பது முக்கியம். ஒரே விதமாகச் சொன்னால் அது மறுபடி மனனமாகிவிடும். தொடக்க வசனம், முடிப்பு வசனம், நடுவில் எடுத்தாளும் செய்யுள் இவற்றை மட்டும் எழுத்துக்கு எழுத்து மனனம் செய்யலாம். செய்யுளுக்கு மாளிகையில் ஒரே ஒரு படம் போதும், அதன் முதல் சீருக்கு.

ஆண்டும் எண்ணும் நழுவினால் முழு எண்ணையும் படமாக்கத் தேவையில்லை. இன்னொரு பையன் பண்டாரவன்னியன் பற்றிப் பேசினான். கற்சிலைமடுவில் நின்ற கல், வன்னியன் தோற்றதாகச் சொன்ன நாள் 1803 ஒக்டோபர் 31. அவன் நான்கு இலக்கத்துக்கும் நான்கு படம் வைத்துக் குழம்பிப் போனான். பிரித்தானியர் வந்த காலம் என்பதால் 18 என்பது பேச்சின் ஓட்டத்திலேயே வரும். மறப்பது கடைசி 3 மட்டும். வன்னியன் கையில் ஒரு ஈட்டிக்குப் பதில் மூன்று ஈட்டிகளைக் கொடுத்தோம். முடிந்தது.

## அறிகுறி: இரண்டு இடங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன

வன்னியில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. போருக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்ட வீடுகள் பலவும் ஒரே வரைபடம். ஒரு ஹோல், இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் ஒரு விறாந்தை. தன் வீடு போதாமல் சித்தி வீட்டையும் சேர்த்து இருபத்துநான்கு இடம் எடுத்த பிள்ளைக்கு, இரண்டு வீட்டு முன்கதவும் ஒன்றாகிவிடும். ஒரே வீட்டுக்குள்ளும் இரண்டு அறைக்கும் ஒரே சாயம், ஒரே யன்னல்.

சுலபமான திருத்தம், அறையை விட்டு அறைக்குள் உள்ள பொருளைப் பிடிப்பது. இரண்டு அறைகளும் ஒன்றுபோல் இருக்கலாம், ஆனால் ஓர் அறையில் அண்ணாவின் சைக்கிள், மற்றதில் அப்பம்மாவின் றங்குப்பெட்டி. அதுவும் போதாவிட்டால் இரண்டாவது வீட்டை விட்டுவிட்டு வளவுக்குள் போக வேண்டும். இங்கே வீடு சிறிது, வளவு பெரிது. கிணறு, தென்னம்பிள்ளை, மாட்டுக்கொட்டில், வாழைப்பாத்தி, வேலியோரத்து முருங்கை எல்லாம் ஒன்றுக்கொன்று உருவத்தில் வேறு, இடைவெளியும் தாராளம். அந்த லத்தீன் நூலும் இடங்களுக்கிடையில் ஏறத்தாழ முப்பது அடி இருக்கட்டும், ஒன்றுபோல் இருக்கிற இடங்களை எடுக்காதே என்றே சொல்கிறது. முப்பது அடி வீட்டுக்குள் நடவாது, வளவில் நடக்கும்.

கடைசி வழி, மாளிகையை முழுதாக மாற்றுவது. பேச்சுக்கு ஒரு கிழமைக்குக் குறைவாக இருந்தால் இதைச் செய்யவே கூடாது. பழையதும் புதியதும் சேர்ந்து இன்னும் குழப்பும்.

## அறிகுறி: போன பேச்சின் படம் எட்டிப் பார்க்கிறது

அதே வீட்டில் போன தவணை வேறு பேச்சை வைத்திருந்தால், அடுப்படியில் மீனோடு பழைய பேச்சின் ஆளும் நிற்பார். இரண்டு, மூன்று கிழமை அந்த வீட்டைத் தொடாமல் விட்டால் பெரும்பாலும் தானாக மங்கிவிடும். அவசரமென்றால் ஒருமுறை வெறும் வீட்டில் நடந்து, ஒவ்வோர் இடத்தையும் மனதுக்குள் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டுப் புதியதை வையுங்கள். அடிக்கடி பேசுகிறவர்கள் வீடு ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, கோயில் வீதி ஒன்று என்று மூன்று வைத்துச் சுழற்றலாம்.

## அறிகுறி: வீட்டில் வருகிறது, மேடையில் வருவதில்லை

முதல் காரணம், மனதுக்குள்ளேயே பழகியிருக்கிறீர்கள், வாய் பழகவில்லை. நின்றுகொண்டு, மேடையில் பேசுகிற சத்தத்தில், குறைந்தது ஐந்து தரம் முழுதாகப் பேச வேண்டும். படங்களைப் பார்க்கிற வேலையும் பேசுகிற வேலையும் ஒரே நேரத்தில் நடப்பது தனியே பழக வேண்டிய ஒன்று.

இரண்டாவது காரணம், எப்போதும் படலையிலிருந்தே தொடங்கியிருக்கிறீர்கள். மேடையில் மைக் இரைந்தாலோ யாராவது கைதட்டினாலோ இடையில் விட்ட இடத்துக்குத் திரும்பத் தெரியாது. இதைச் சோதிக்க நான் ஒன்று செய்வேன். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "எட்டு" என்பேன். அவள் அலுமாரியைத் திறந்து அங்கிருந்து தொடர வேண்டும். முதல் நாள் பதினைந்து விநாடி ஆனது. நான்காம் நாள் மூச்சு விடுகிற நேரம் போதுமாக இருந்தது. போட்டியன்று உண்மையாகவே மின்சாரம் போய் மைக் நின்றது. அவள் அப்போது பின்கதவில், யானையின் முன்னால் நின்றாள். வெளிச்சம் வரும்வரை யானையைப் பார்த்துக்கொண்டே நின்றேன் சேர் என்று பிறகு சொன்னாள். விட்ட வசனத்திலிருந்தே தொடர்ந்தாள்.

மூன்றாவது, பேசும்போது கண் மேலே கூரையில் ஏறிவிடுகிறது. படங்களைத் தேடுகிறார்கள் என்பது அடையாளம். படம் மெலிவாக இருக்கிற இடம் அது. எந்த இடத்தில் கண் ஏறுகிறது என்று ஒருவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லி, வெறுமையான இடத்துக்குச் சொன்ன திருத்தத்தைச் செய்யுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் மூன்று நடையும் சரி, மேடையில் மட்டும் குரல் அடைக்கிறது என்றால் பேச்சுப் பழக்குகிற அனுபவசாலி ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். சொல் திக்குகிறது, முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறது என்றால் அது நினைவின் பிரச்சினை அல்ல. வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சையாளர் இருக்கிறாரா என்று கேட்டுக் கூட்டிப்போங்கள். வயது போனவர்களுக்கு, மாளிகையில் இல்லாமல் உண்மையான வீட்டிலேயே பொருளும் வழியும் தடுமாறத் தொடங்கினால் வைத்தியரிடம் காட்டுவதைத் தள்ளிப் போடக்கூடாது.

## அறிகுறி: ஒரே இடத்தில் நின்று மேலே போக முடியவில்லை

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதற்கு மேலே சொன்ன எந்தத் திருத்தமும் உதவாது.

நன்றாகத் தெரிந்த வீடு எது என்று கேட்டால், இங்கே பெரியவர்கள் பலர் இப்போது இருக்கிற வீட்டைச் சொல்வதில்லை. இடம்பெயர முன் இருந்த வீட்டைச் சொல்வார்கள். அது இப்போது இல்லை, ஆனால் நிலைக் கதவின் கீறல் வரை கண்ணுக்குள் இருக்கிறது. நினைவு மாளிகைக்கு அதைவிடத் தெளிவான வீடு கிடையாது. பலருக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது. ஒருவர் அந்த வீட்டில் நடந்து பேசுவதைக் கேட்பது எனக்கும் ஆறுதலாக இருக்கும்.

ஆனால் சிலருக்கு நடக்காது. கூட்டுறவுச் சங்கக் கூட்டத்தில் கால் மணித்தியாலம் பேச வேண்டிய ஓர் அண்ணை, தன் பழைய வீட்டை எடுத்தார். படலை சரி, மாமரம் சரி, கிணற்றடிக்கு வந்ததும் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவார். படத்தைப் பெரிதாக்கினோம், விளக்கு வைத்தோம். படம் தெளிவாகத்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை, கிணற்றடியில் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னவென்று நான் கேட்கவில்லை.

இப்படி வந்தால் முதலில் அந்த இடத்தை மட்டும் வழியிலிருந்து எடுத்துவிட்டு வேலியோரமாகச் சுற்றிப் போய்ப் பார்க்கலாம். அடுத்த இடத்திலும் நின்றால் அந்த வீட்டை விட்டுவிட வேண்டும், பழகப் பழகச் சரியாகும் என்று ஆளை வற்புறுத்தக் கூடாது. பேச்சை விட்ட பிறகும் நித்திரையில் அந்த இடம் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால் அது பேச்சுப் பழக்குகிறவரின் கையில் இல்லை. மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள், தேவையென்றால் கூடவே போங்கள்.

அண்ணைக்கு வீட்டை விட்டுவிட்டுத் தெருவை எடுத்தோம். அவர் ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வருகிற வழி: ஒழுங்கை முகப்பு, சிறிய மதகு, முதிரை மரம், தேத்தண்ணிக்கடை வாங்கு, தபாற்கந்தோர் பெட்டி, சங்கக் கட்டடத்துப் படி. உரத்துக்கான கடன் விவரத்தை மதகின் கீழே வைத்தார், பழைய நிலுவையை வாங்கில் குந்த வைத்தார். கூட்டத்தன்று வாங்கடியில் வந்ததும் ஒரு தரம் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, தபாற்கந்தோர்ப் பக்கம் நடந்தார்.